டைரிக்குள் வந்த ஒட்டகங்கள்

முப்பது வருடத்துக்கு மேல் டைரி எழுதுகிறேன். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகு ஒரு பக்கம் எழுதாமல் படுத்த நாட்கள் குறைவு. மூன்று வருடத்துக்கு முன்னால் வலது கட்டைவிரலின் அடி மூட்டில் வலி ஆரம்பித்தது. நாலு வரி எழுதுவதற்குள் பேனா நழுவும். மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். இத்தனை வருடம் சாக்பீஸ் பிடித்த கை, தேயாமல் என்ன செய்யும்? பேனாவைச் சுற்றித் துணி கட்டித் தடிமனாக்கிப் பார்த்தேன். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் பத்து வரிக்கு மேல் அதுவும் முடியவில்லை.

"ஆயா, போன்ல மைக்கை அமுக்கிப் பேசு, அதுவே எழுதிக்கும்" என்றான் பேரன். போன்களில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017-லேயே வந்துவிட்டதாம். எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. விசைப்பலகையின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, எழுத்துகள் தமிழில் தெரியும்போது மைக் படத்தைத் தொட வேண்டும். ஆங்கில விசைப்பலகை இருக்கும்போது தொட்டுவிட்டால், தமிழில் பேசுவதை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு ஏதேதோ எழுதும். முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது.

இரண்டாம் நாள் நடந்தது வேறு. வகுப்பில் 'சொல்வதை எழுதுதல்' நடத்திய பழக்கத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நான்... இன்று... காலையில்..." என்று சொன்னேன். குழந்தைகளுக்கு அப்படிச் சொன்னால்தான் புரியும். போனுக்கு அது ஆகவில்லை. முன்னும் பின்னும் என்ன சொல் வருகிறது என்பதை வைத்துத்தான் நடுவில் உள்ள சொல்லை அது ஊகிக்கிறது. பிய்த்துப் பிய்த்துச் சொன்னால் அதற்குப் பிடிமானம் இல்லை. நடுவில் மூச்சு வாங்கினால் மைக் தானாக அணைந்துவிடும். நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்போம், அங்கே ஒன்றும் விழுந்திருக்காது. அதனால் சொல்லப்போவதை இரண்டு மூன்று வாக்கியமாக மனதுக்குள் முதலில் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது போல ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பிறகு எழுத்து விழுந்ததா என்று ஒரு பார்வை, அப்புறம் அடுத்த மூன்று வாக்கியம்.

போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழ் விளிம்பு என் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்கிறேன். என் போனில் மைக் ஓட்டை அங்கேதான். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் பாதிச் சொல் காணாமல் போகும். டிவி ஓடும் கூடத்தில் உட்கார்ந்தால் அதைவிட மோசம். ஒருநாள் என் டைரியில், "அந்தக் குடும்பத்தை நான் சும்மா விடமாட்டேன்" என்று எழுதியிருந்தது. நான் யாரையும் அப்படிச் சொல்லவில்லை. சீரியலில் யாரோ சொன்னது.

அடுத்த சங்கடம் நிறுத்தக்குறி. 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் என் போனில் புள்ளி விழாது, அந்தச் சொல்லே எழுத்தாக விழும். ஒரு பக்கம் முழுக்கப் புள்ளியே இல்லாமல் ஓடினால், மறுநாள் நமக்கே எந்த வாக்கியம் எங்கே முடிந்தது என்று தெரியாது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பேச்சில் அப்படி எங்கே வருகிறது? "வந்தாரு மண்டிக்காரர் காலையிலேயே" என்றுதானே பேசுகிறோம்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒட்டகம். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் 'ஒட்டகம்' என்று சொல்லிவிடுவேன். கடைசியில் `Find and replace` வசதியில் ஒட்டகத்தைத் தேடி, அதன் இடத்தில் புள்ளி வைத்துவிடுவேன். தேடும் இடத்தில் ஒட்டகத்துக்கு முன்னால் ஒரு இடைவெளியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி சொல்லோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும். ஏன் ஒட்டகம் என்றால், கிருஷ்ணகிரி மாவட்டத்து டைரியில் வேறு எதற்கும் வராத சொல்லாக இருக்க வேண்டும், போனும் தப்பாமல் பிடிக்க வேண்டும். முதலில் 'சங்கு' என்று வைத்துப் பார்த்தேன். சின்னச் சொல், 'தங்கு', 'பங்கு' என்றெல்லாம் மாறி விழுந்தது. ஒட்டகத்துக்கு ஒலியில் பங்காளி யாரும் இல்லை. மருமகள்தான் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, "அத்தை, எதுக்கு இத்தனை ஒட்டகம்?" என்று பயந்துபோனாள்.

இதெல்லாம் பழகப் பத்து நாள் போதும். உண்மையான வேலை விழுந்த எழுத்தைத் திருத்துவதில் இருக்கிறது. ல, ள, ழ, ர, ற பிழைகள் கண்ணை உறுத்தும், ஆனால் அவற்றால் பெரிய கெடுதல் இல்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். சரியான சொல் போலவே வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிழைதான் ஆபத்து. போன மாங்காய்ப் பருவத்தில் ஒருநாள் விழுந்த வரைவை அப்படியே தருகிறேன்:

"இன்னைக்கு காலையில மண்டிக்காரர் வந்தாரு ஒட்டகம் பெங்களூர் ஆ ரெண்டு அறை டன் ஏத்தினோம் ஒட்டகம் கிலோ ஆறு அறைன்னு பேச்சு ஒட்டகம் கையில பத்தாயிரம் குடுத்தார் மீதி 6250 கொடுக்கல் ஒட்டகம் பீட்டர் நாலு மரமும் காப்பு கம்மி ஒட்டகம் சின்னவன் போன் பண்ணலாம் அம்மா திதிக்கு வரேன்னு சொல்லி இருந்தான் ஒட்டகம் மனசு ஆரல் ஒட்டகம்"

எங்கள் பக்கத்தில் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் மாங்காய் பெங்களூரா. போனுக்கு அந்த ரகம் தெரியாது, ஊர்தான் தெரியும். பீத்தர் என்று ஒரு ரகம் இருக்கிறது, அதைப் பீட்டர் என்ற ஆளாக்கிவிட்டது. வட்டாரச் சொல் எதுவானாலும், அதற்குப் பக்கத்தில் ஊரெல்லாம் புழங்கும் சொல் ஒன்று இருந்தால் அதைத்தான் போடும். அதனால் உங்கள் வீட்டில், தொழிலில், தெருவில் மட்டும் புழங்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது முதலில் தேட வேண்டியவை அவைதான். என் தாளில் பதினேழு சொற்கள் இருக்கின்றன, பாதி மாங்காய், மீதி சொந்தக்காரர்கள்.

'அரை' அறையாவது அடுத்தது. இரண்டரை டன்னா, இரண்டு டன்னா? இங்கே என்னைக் காப்பாற்றியது கணக்கு. கையில் வாங்கிய பத்தாயிரமும் மீதி 6,250-ம் சேர்ந்தால் 16,250. இரண்டரை டன் என்றால் 2,500 கிலோ, கிலோ ஆறரை ரூபாய் என்றால் அதே 16,250. ஆக எல்லா எண்ணும் சரி. மீதித் தொகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் இப்படிச் சரிபார்க்க வழியே இருந்திருக்காது. அன்றிலிருந்து பணம், எடை எதைச் சொன்னாலும் இரண்டு விதமாகச் சொல்கிறேன். "ஆறரை, அதாவது ஆறு ரூபாய் ஐம்பது பைசா" என்று. பள்ளிக்கூடத்தில் கூட்டலைக் கழித்துப் பார்க்கச் சொல்வோமே, அது மாதிரி.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது 'கொடுக்கல்'. நான் சொன்னது "குடுக்கலை". பேச்சுத் தமிழில் 'இல்லை' என்பது சொல்லின் வாலில் ஒரு 'லை'யாகச் சுருங்கிவிடுகிறது. அதையும் நாம் முழுசாக உச்சரிப்பதில்லை, 'குடுக்கல' என்று முழுங்கிவிடுகிறோம். போன் அந்த வாலைத் தவறவிட்டால் கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது, "பண்ணலை" என்பது "பண்ணலாம்" ஆகிவிடுகிறது. என் சின்னத் தம்பி போன் பண்ணவில்லை என்று நான் வருத்தப்பட்டிருக்கிறேன். எழுத்தில், அவன் போன் பண்ணலாம் என்று நம்பிக்கையோடு இருக்கிறேன். 'மனசு ஆறலை' என்றது மனசுக்குள் ஆரல் மீனாக நீந்துகிறது.

மீனைப் பார்த்தால் சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம். 'பண்ணலாம்' சிரிப்பு மூட்டாது, கண்ணில் படாமல் போய்விடும். இதற்கு முந்தைய வருடம் மகளின் பிரசவத்துக்காக ஓசூருக்குப் போய் இருந்தபோது ஒன்றரை மாதம் பேசிப் பேசி விட்டுவிட்டேன், ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. திரும்பி வந்து படித்தால் ஒரு நாள், "அவருக்கு பிரஷர் மாத்திரை நிறுத்தலாம் டாக்டர் சொன்னது" என்று இருக்கிறது. நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னாரா, நிறுத்த வேண்டாம் என்று டாக்டர் சொன்னபடி என் வீட்டுக்காரர் நிறுத்தலையா? எனக்கு ஞாபகமே இல்லை. அதைவிட வினோதம், இரண்டு மூன்று தடவை படித்ததும், டாக்டர் நிறுத்தலாம் என்று சொன்னது போலவே ஒரு ஞாபகம் வர ஆரம்பித்தது. நல்லவேளை, மருந்துச் சீட்டு அலமாரியில் இருந்தது. அதில் மாத்திரை தொடர்ந்து எழுதப்பட்டிருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. இந்த மைக் நாம் திரும்பக் கேட்க நம் குரலைச் சேர்த்து வைப்பதில்லை, எழுத்தை மட்டும்தான் விட்டுவிட்டுப் போகிறது. பிழையைச் சரிபார்க்க இருக்கும் ஒரே ஒலிநாடா நம் ஞாபகம். அது ஒருநாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். அதனால் ராத்திரி பேசுவதை மறுநாள் காலை காபிக்கு முன்னால் திருத்திவிடுகிறேன். பேசிய கையோடு திருத்தினால் ஆகாதா என்றால், ஆகாது. மனதில் இருப்பதையே கண் படிக்கும், பிழை தெரியாது. ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் போதும்.

குரலையும் சேர்த்து வைக்க முயன்று பார்த்தேன். அதே போனில் ரெக்கார்டரையும் ஓட்டினால் என் போனில் இரண்டில் ஒன்றுதான் வேலை செய்கிறது. இப்போது வீட்டில் கிடந்த பழைய பட்டன் போனை ரெக்கார்டராகப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். தினமும் இல்லை. பணம், நிலம், வைத்தியம் பேசும் நாளில் மட்டும். திருத்தி முடித்ததும் அழித்துவிடுவேன்.

இன்னொரு பழக்கமும் வந்தது. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிடுகிறேன். மற்றதெல்லாம் பேச்சுத் தமிழ்தான், 'கொடுக்கவில்லை', 'பண்ணவில்லை', 'நிறுத்தவில்லை' மட்டும் முழுசாக. 'வில்லை' என்ற நீளமான வால் போனுக்குத் தப்புவதில்லை. கேட்பவர்களுக்கு நாடகத்தனமாக இருக்கும். பரவாயில்லை, மாத்திரை விஷயம் அதைவிடப் பெரிசு. பழக்கத்தில் வாய் 'லை' என்றே முடித்துவிடும் நாட்களும் உண்டு. அதனால் காலையில் திருத்தும்போது 'லாம்' என்று முடியும் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது நிஜமாகவே 'லாம்'தானா என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருத்துவதிலும் கை இருக்கிறது என்பதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. பேனாவை விட்டதால் வலி குறையும் என்று பார்த்தால், இரண்டு வாரத்தில் கட்டைவிரல் முன்னைவிட மோசம். காரணம் எளிது. போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதே கட்டைவிரலால் எழுத்துகளைத் தட்டித் தட்டித் திருத்திக்கொண்டிருந்தேன். எந்த மூட்டுக்கு ஓய்வு வேண்டுமோ அதையே இன்னும் கூடுதலாக வாட்டியிருக்கிறேன். இப்போது போனைக் குங்குமச் சிமிழுக்குச் சாய்த்து மேசையில் நிறுத்திவிட்டு, இடது கை ஆள்காட்டி விரலால் மட்டும் தொடுகிறேன். தப்பான சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது நீல நிறமாகும். அப்போது மைக்கைத் தொட்டுச் சரியான சொல்லைச் சொன்னால் அது மட்டும் மாறும். ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் மறுபடியும் தப்பாக விழ வாய்ப்பு அதிகம் என்பதால், பக்கத்துச் சொல் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, மூன்று சொல்லாகவே சொல்வேன். 'பெங்களூரா' மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் வராது. அதைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

ஒற்றுப் பிழைகளை நான் திருத்துவதில்லை. டீச்சராக இருந்தவள் இப்படிச் சொல்வது பாவம்தான். 'இன்னைக்குக் காலையில' என்று க் போட வேண்டும் என்று கை துடிக்கும். ஒவ்வொரு ஒற்றுக்கும் ஒரு தட்டு என்றால் பக்கத்துக்கு நாற்பது தட்டு. அர்த்தம் மாறாத பிழை எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தபின் திருத்தும் நேரம் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

நடையைத் திருத்துவதையும் விட்டுவிட்டேன். ஆரம்பத்தில், விழுந்ததை எல்லாம் எடுத்துப் பழைய டைரி போல எழுத்துத் தமிழாக மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த வருட நினைவைப் பற்றி ஒருநாள் பேசியதை அப்படி மாற்றியபோது, "என்னமோ போ, அடுப்படிக்குள்ள போனாலே அம்மா நிக்கிற மாதிரியே இருக்குது" என்றிருந்தது, "சமையலறையில் அம்மாவின் நினைவு வந்தது" என்று ஆகிவிட்டது. பிழையே இல்லாத வாக்கியம். படித்தால் யாருடைய அம்மாவோ மாதிரி இருக்கிறது. மூல வரைவை அழித்திருந்தேன், அதனால் மேலே எழுதியிருக்கும் முதல் வாக்கியம்கூட நான் ஞாபகத்திலிருந்து சொல்வதுதான். இப்போது திருத்தியது மேலே, பேசியது அப்படியே கீழே என்று ஒரே கோப்பில் இரண்டையும் வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் திருத்தியதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து நோட்டில் ஒட்டும்வரை கீழே உள்ளது அழியாது.

வெட்டுவது மட்டும் தாராளம். கையால் எழுதிய காலத்தில் ஒரு பக்கம் என்றால் நூற்றைம்பது சொல் இருக்கும், வலி என்னைச் சுருக்கமாக எழுத வைத்தது. பேசினால் ஐந்து நிமிடத்தில் நானூறு சொல் கொட்டிவிடும். அதில் மண்டிக்காரரைத் திட்டியது மூன்று தடவை வரும். ஒரு தடவை போதும், அதுவும் மூன்றாவது தடவையை வைத்துக்கொள்வேன். முதல் இரண்டும் கோபம், மூன்றாவதில்தான் என்ன நடந்தது என்று தெளிவாக இருக்கும்.

மேலே கொடுத்த வரைவு காலையில் இப்படி ஆனது:

"இன்னைக்கு காலையில மண்டிக்காரர் வந்தாரு. பெங்களூரா ரெண்டரை டன் ஏத்தினோம். கிலோ ஆறரைன்னு பேச்சு. கையில பத்தாயிரம் குடுத்தார், மீதி 6250 கொடுக்கவில்லை. பீத்தர் நாலு மரமும் காப்பு கம்மி. சின்னவன் போன் பண்ணவில்லை. அம்மா திதிக்கு வரேன்னு சொல்லி இருந்தான். மனசு ஆறலை."

கடைசி 'ஆறலை'யை மட்டும் 'ஆறவில்லை' என்று மாற்ற மனம் வரவில்லை.

ஒரு விஷயம் பேனாவில் இல்லாதது. எழுதுவது யாருக்கும் கேட்காது, பேசுவது கேட்கும். மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் மாந்தோப்பு மோட்டார் கொட்டகை வரை போக வேண்டியிருக்கிறது. அதுவும் மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து. அது மட்டுமில்லை, நெட்டை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். என் போனில் நெட் இல்லாமல் தமிழ் மைக் எழுதுவதில்லை. அப்படியானால் குரல் எங்கேயோ வெளியே போய்த்தான் எழுத்தாகித் திரும்பி வருகிறது என்று அர்த்தம். இது தெரிந்த பிறகு சில விஷயங்களை மைக்கிடம் சொல்வதில்லை. அதற்காகவே துணி சுற்றிய பேனாவை இன்னும் வைத்திருக்கிறேன், அந்த நாட்களில் இரண்டு வரி, கைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

போன மாதம் காவேரிப்பட்டணம் கடைவீதிக்குக் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக்காட்ட யாரோ நிஜமாகவே ஒரு ஒட்டகத்தைக் கூட்டிவந்துவிட்டார்கள். பேரன் ஏறிவிட்டு வந்து ராத்திரி வரை அதே பேச்சு. டைரியில் அதைச் சொல்லாமல் எப்படி? சொன்னால் `Find and replace` செய்யும்போது அந்த ஒட்டகமும் புள்ளியாகிவிடும். அன்றைக்கு மட்டும் 'திமிங்கிலம்' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஒரு இடத்தில் திமிங்கிலம், இன்னொரு இடத்தில் திமிங்கலம் என்று இரண்டு விதமாக விழுகிறது, இரண்டு தடவை தேட வேண்டியிருந்தது. மறுநாளே ஒட்டகத்துக்குத் திரும்பிவிட்டேன்.